அடுத்த ஸ்லாபுக்குப் போனால் வரி எவ்வளவு கூடும்? படிப்படியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

"சார், இந்த இன்க்ரிமென்ட் வந்தா 20 சதவீத ஸ்லாபுக்குப் போயிடுவேன். வாங்குறதெல்லாம் வரியிலயே போயிடுமே, வேண்டாம்னு சொல்லிடலாமா?"

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கும் வேலையில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் படிக்காதவர்கள் இல்லை. பொறியாளர்கள், பேராசிரியர்கள், வங்கி அதிகாரிகள் என்று கணக்கில் நல்ல தேர்ச்சி உள்ளவர்களே கேட்கிறார்கள். வருமானம் 16 லட்சத்தைத் தாண்டிவிட்டால் மொத்த 16 லட்சத்துக்கும் 20 சதவீதம் வரி என்பது அவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. அது உண்மையில்லை. 16 லட்சத்துக்கு மேலே இருக்கும் தொகைக்கு மட்டும்தான் 20 சதவீதம். கீழே இருக்கும் தொகைக்கு நேற்று என்ன வரியோ, இன்றும் அதே வரிதான்.

நம் ஊரில் இந்தப் பயம் இவ்வளவு வலுவாக இருப்பதற்கு மின் கட்டணமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், 500க்கு மேலே உள்ள யூனிட்டுகளுக்கு மட்டும் கட்டணம் ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த கட்டணமும் போய்விடும். ஒரு கோட்டைத் தாண்டினால் கீழே இருப்பதற்கும் சேர்த்து விலை ஏறும் என்று அந்த பில் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. வருமான வரி அப்படி வேலை செய்வதில்லை. ஓரிரு இடங்களில் மட்டும் அதை ஒத்த ஒரு பள்ளம் உண்டு, அதையும் பின்னால் பார்ப்போம்.

இங்கே எடுத்துக்கொள்வது இந்தியாவின் புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கான விகிதங்கள்.

முதல் படி: எந்தத் தொகைக்கு வரி?

ஸ்லாபைப் பார்ப்பதற்கு முன்னால் எந்தத் தொகையை வைத்துப் பார்க்கப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். சம்பளச் சீட்டில் உள்ள மொத்தச் சம்பளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஸ்லாப் அட்டவணையில் தேடுவது பலரும் செய்யும் பிழை.

ஆண்டு முழுவதும் வரும் மொத்தச் சம்பளத்தை எழுதுங்கள். அதிலிருந்து ஸ்டாண்டர்டு டிடக்ஷன் 75,000 ரூபாயைக் கழியுங்கள். சம்பளம் வாங்குபவர்களுக்கும் ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கும் எந்த ரசீதும் காட்டாமலே இந்தக் கழிவு கிடைக்கும். அப்புறம் சம்பளத்துக்கு வெளியே வரும் வருமானத்தைக் கூட்டுங்கள். பெரும்பாலானவர்கள் மறப்பது வங்கி வைப்புத்தொகை வட்டியைத்தான். வங்கி அதில் ஏற்கெனவே 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துவிட்டதால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. அந்த வட்டியும் சம்பளத்தோடு சேர்ந்து அதே ஸ்லாபுகளுக்குள்தான் வரும். பிடித்த 10 சதவீதம் வெறும் முன்பணம்.

இப்படிக் கிடைப்பதுதான் வரிக்கு உட்பட்ட வருமானம். இனி எல்லாக் கணக்கும் இந்தத் தொகையில்தான்.

ஓர் ஊழியரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 16,50,000 ரூபாய், வேறு வருமானம் இல்லை. 75,000 கழித்தால் வரிக்கு உட்பட்டது 15,75,000 ரூபாய். இப்போது அவருக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் ஊதிய உயர்வு வருகிறது. சம்பளம் 17,10,000 ஆகும், வரிக்கு உட்பட்டது 16,35,000 ஆகும். 16 லட்சம் என்ற கோட்டைத் தாண்டிவிட்டார். அவர் பயப்பட வேண்டுமா?

இரண்டாம் படி: வருமானத்தைக் கீழிருந்து நறுக்குவது

புதிய முறையில் விகிதங்கள் இப்படி இருக்கின்றன:

- முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை
- 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம்
- 8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதம்
- 12 முதல் 16 லட்சம் வரை 15 சதவீதம்
- 16 முதல் 20 லட்சம் வரை 20 சதவீதம்
- 20 முதல் 24 லட்சம் வரை 25 சதவீதம்
- 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம்

இதைப் படிக்கும்போது "16 முதல் 20 லட்சம் வருமானம் உள்ளவருக்கு 20 சதவீதம்" என்று மனதுக்குள் மாற்றிப் படித்துவிடுகிறோம். குழப்பம் தொடங்குவது அங்கேதான். அட்டவணை ஆட்களைப் பற்றிப் பேசவில்லை, ரூபாய்களைப் பற்றிப் பேசுகிறது. 16 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் இடையில் விழும் ரூபாய்களுக்கு 20 சதவீதம் என்பதுதான் அதன் பொருள்.

நம் ஊழியரின் வருமானத்தை உயர்வுக்கு முன் நறுக்கிப் பார்ப்போம். முதல் 4 லட்சத்துக்கு ஒன்றுமில்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மீதி இருப்பது 3,75,000. அதற்கு 15 சதவீதம் என்றால் 56,250. கூட்டினால் 1,16,250 ரூபாய்.

உயர்வுக்குப் பின்னால் முதல் மூன்று துண்டுகள் அப்படியே இருக்கின்றன: பூஜ்யம், 20,000, 40,000. நான்காவது துண்டு முழுதாக நிரம்பிவிட்டது, எனவே 4 லட்சத்துக்கு 15 சதவீதம், 60,000. கோட்டைத் தாண்டி நிற்பது 35,000 ரூபாய் மட்டுமே. அதற்கு 20 சதவீதம் என்றால் 7,000. மொத்தம் 1,27,000 ரூபாய்.

வித்தியாசம் 10,750. இது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வந்த 60,000ல் 25,000 பழைய 15 சதவீதத் துண்டை நிரப்பப் போனது, அதற்கு 3,750. மீதி 35,000 புதிய துண்டுக்குப் போனது, அதற்கு 7,000. அவ்வளவுதான். பழைய 15,75,000 ரூபாயில் ஒரு ரூபாய்க்குக்கூட வரி மாறவில்லை.

மூன்றாம் படி: செஸ்

வரும் வரியின் மேல் 4 சதவீதம் சுகாதாரம் மற்றும் கல்வி செஸ் சேரும். இது வருமானத்தின் மேல் 4 சதவீதம் இல்லை, வரியின் மேல் 4 சதவீதம். உயர்வுக்கு முன் 1,16,250க்கு செஸ் 4,650, ஆக மொத்தம் 1,20,900. உயர்வுக்குப் பின் 1,27,000க்கு செஸ் 5,080, ஆக மொத்தம் 1,32,080.

60,000 ரூபாய் வந்தது. வரியாகப் போனது 11,180. கையில் நிற்பது 48,820. பி.எஃப் போன்ற பிடித்தங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒருவேளை அவர் அதே 15 சதவீத ஸ்லாபிலேயே நின்றிருந்தால்? அப்போதும் 60,000க்கு 9,000 ரூபாயும் செஸ்ஸும் போயிருக்கும். ஆகவே "ஸ்லாப் மாறியதால்" மட்டும் கூடுதலாகப் போனது 35,000 ரூபாயில் 5 சதவீதம், அதாவது 1,750 ரூபாய், செஸ் சேர்த்தால் 1,820. 60,000 ரூபாயை வேண்டாம் என்று சொல்ல நினைத்ததன் பின்னால் இருந்த உண்மையான இழப்பு இந்த 1,820 ரூபாய்தான்.

இந்தக் கடைசிக் கணக்கில் ஒரு நல்ல குறுக்குவழி ஒளிந்திருக்கிறது. இப்போதைய அட்டவணையில் ஒவ்வொரு கோட்டிலும் விகிதம் சரியாக 5 சதவீதம்தான் ஏறுகிறது. எனவே ஒவ்வொரு கோட்டுக்கும் மேலே நிற்கும் தொகையை எடுத்துக் கூட்டி, மொத்தத்தில் 5 சதவீதம் கண்டால் வரி வந்துவிடும். எக்ஸெல்லிலோ கூகுள் ஷீட்டிலோ A1 கட்டத்தில் வரிக்கு உட்பட்ட வருமானத்தைப் போட்டு, பக்கத்துக் கட்டத்தில் இதை ஒட்டுங்கள்:

```
=0.05*(MAX(0,A1-400000)+MAX(0,A1-800000)+MAX(0,A1-1200000)+MAX(0,A1-1600000)+MAX(0,A1-2000000)+MAX(0,A1-2400000))
```

1635000 என்று போட்டுப் பாருங்கள், 127000 வரும். அப்புறம் 1600000 என்று போட்டு, பத்துப் பத்து ரூபாயாக ஏற்றிப் பாருங்கள். வரி இரண்டிரண்டு ரூபாயாக மட்டுமே ஏறும், எங்கேயும் தாவாது. 12 லட்சத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி, செஸ், சர்சார்ஜ் எதுவும் இந்தச் சூத்திரத்தில் இல்லை. அவற்றைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் இந்தப் பயம் உண்மையாகவே இருந்தது

மொத்த வருமானத்துக்கும் ஒரே விகிதம் என்ற முறை வெறும் கற்பனை இல்லை. 1939 வரை இந்தியாவில் அதுதான் சட்டம். 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ், வருமானம் எந்தப் படியில் விழுகிறதோ அந்தப் படியின் விகிதம் முழு வருமானத்துக்கும் பொருந்தியது. ரூபாய்க்கு இத்தனை பை என்று விகிதத்தைச் சொல்வார்கள். இதற்கு ஸ்டெப் முறை என்று பெயர். 1930களின் நடுவில் அரசு அமைத்த விசாரணைக் குழு, இதை விட்டுவிட்டு ஸ்லாப் முறைக்கு மாறச் சொன்னது. 1939ல் மாறியது.

ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்பது நம் ஊழியரின் கணக்கை அந்தப் பழைய முறையில் போட்டால் உடனே தெரியும். இன்றைய விகிதங்களையே வைத்துக்கொள்வோம். 15,75,000க்கு மொத்தமாக 15 சதவீதம் என்றால் வரி 2,36,250. 16,35,000க்கு மொத்தமாக 20 சதவீதம் என்றால் 3,27,000. 60,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தவருக்கு வரி 90,750 ரூபாய் கூடுகிறது. உயர்வு வாங்கியதால் 30,750 ரூபாய் நஷ்டம். வருமானம் சரியாக 16 லட்சத்தில் நிற்பவரின் நிலை இன்னும் மோசம். பத்து ரூபாய் வட்டி கூடுதலாக வந்தால் அவர் வரி 2,40,000த்திலிருந்து 3,20,000த்துக்குத் தாவும். அந்தப் பத்து ரூபாயின் விலை 80,000 ரூபாய்.

இப்படி ஒரு சட்டம் இருந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுகொள்வார்கள். ஓவர்டைம் பார்க்க மாட்டார்கள். ஒரு பில்லை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவார்கள், அல்லது கணக்கிலேயே காட்ட மாட்டார்கள். அதிகமாகச் சம்பாதித்தவர், குறைவாகச் சம்பாதித்தவரைவிடக் கையில் குறைவாக வைத்திருக்கும் நிலைமையும் வரும். அதிக வருமானம் உள்ளவர் அதிக விகிதத்தில் கட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். வருமான வரிசையையே தலைகீழாக்குவது நோக்கம் இல்லை. கோட்டுக்கு மேலே உள்ள தொகைக்கு மட்டும் ஏறிய விகிதம் என்று வைத்தால் இரண்டும் நடக்கும்: விகிதமும் படிப்படியாக ஏறும், ஒரு ரூபாய் கூடுதலாகச் சம்பாதிப்பவர் கையில் எப்போதும் கொஞ்சமாவது மிஞ்சும்.

இன்னொரு நியாயமும் இதில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஸ்லாப் முறையில் எல்லாருடைய முதல் 4 லட்சமும் ஒரே மாதிரி நடத்தப்படுகிறது. 6 லட்சம் சம்பாதிப்பவருக்கும் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, 60 லட்சம் சம்பாதிப்பவருக்கும் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. வாழ்க்கைக்குத் தேவையான முதல் பணத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, மேலே போகப்போக அதிகம் எடுக்கிறது. அதேபோல, அரசு கீழ்த்துண்டின் விகிதத்தைக் குறைத்தால் அதன் பலன் மேலே இருக்கும் அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். "நடுத்தர மக்களுக்குச் சலுகை" என்று பட்ஜெட்டில் வரும் அறிவிப்பில் பெரும் வருமானக்காரர்களும் பயனடைவது இதனால்தான்.

1973-74ல் இந்தியாவில் உச்ச விகிதம், சர்சார்ஜோடு சேர்த்து, 97.75 சதவீதம் வரை போனது. கேட்டவர்கள் பலர், சம்பாதித்ததில் கிட்டத்தட்ட முழுவதையும் அரசு எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அப்போதும் அந்த விகிதம் 2 லட்சம் ரூபாய்க்கு மேலே உள்ள வருமானத்துக்கு மட்டும்தான். விகிதம் மிகக் கடுமையானது என்பதில் சந்தேகமே இல்லை, ஆனால் அன்றைக்கும் நறுக்குவது இதே மாதிரிதான்.

நான்காம் படி: இரண்டு சதவீதங்களைப் பிரித்து வைத்துக்கொள்வது

"நான் 20 சதவீத ஸ்லாபில் இருக்கிறேன்" என்று சொல்லும்போது அது கடைசி ரூபாய்க்கு என்ன வரி என்பதை மட்டும்தான் சொல்கிறது. நம் ஊழியர் உண்மையில் கட்டுவது 16,35,000க்கு 1,32,080. இது 8 சதவீதத்துக்குச் சற்றே மேல். இதைச் சராசரி விகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் வேறு வேறு பயன். மாதச் செலவைத் திட்டமிடவும், நண்பர் கட்டும் வரியோடு ஒப்பிடவும் சராசரி விகிதம் போதும். ஊதிய உயர்வை ஏற்பதா, வைப்புத்தொகை போட்டால் வரி போக எவ்வளவு மிஞ்சும், பகுதிநேர வேலை பார்த்தால் லாபமா என்பதற்கெல்லாம் கடைசி ரூபாயின் விகிதம்தான் வேண்டும். உதாரணமாக, இவர் போடும் வைப்புத்தொகை 7 சதவீத வட்டி தருகிறது என்றால், அந்த வட்டிக்கு 8 சதவீதம் வரி என்று கணக்குப் போடக் கூடாது. அது அடுக்கின் உச்சியில்தான் போய் உட்காரும், எனவே செஸ்ஸோடு 20.8 சதவீதம் போகும். 7 சதவீதத்தில் மிஞ்சுவது சுமார் 5.5.

சம்பளம் உண்மையாகவே குறைகிறதே, அது ஏன்?

இவ்வளவு சொன்ன பிறகும் சிலர் சம்பளச் சீட்டை எடுத்துக் காட்டுவார்கள். "போனஸ் வந்தது, அடுத்த மாதம் சம்பளம் குறைஞ்சுடுச்சு. ஸ்லாப் மாறினதாலதானே?" அவர்கள் காட்டும் எண் உண்மை. காரணம் வேறு.

அலுவலகம் ஆண்டின் தொடக்கத்திலேயே முழு ஆண்டு வரியை மதிப்பிட்டு, மாதங்களுக்குப் பிரித்து டிடிஎஸ் பிடிக்கிறது. நம் ஊழியருக்கு ஆண்டு வரி 1,20,900 என்றால் மாதம் 10,075. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதத்தில் 90,675 பிடித்தாகிவிட்டது. அந்த 60,000 ரூபாய் மாதாமாதம் வராமல் ஜனவரியில் போனஸாக மொத்தமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வரி 1,32,080 ஆகிறது. இன்னும் பிடிக்க வேண்டியது 41,405. மீதி மூன்றே மாதம், எனவே மாதம் சுமார் 13,800. ஜனவரியில் போனஸோடு சேர்ந்து வருவதால் இது கண்ணில் படாது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் போனஸ் இல்லை, ஆனால் பிடித்தம் மாதம் 3,700 ரூபாய்க்கு மேல் கூடியிருக்கிறது. பார்ப்பவருக்கு ஸ்லாப் மாறி சம்பளம் குறைந்ததாகத்தான் தோன்றும். உண்மையில் அது ஜனவரி போனஸுக்கான வரி, தவணையில் போகிறது.

இதைச் சோதிப்பது எளிது. ஒரு மாதச் சீட்டைப் பார்க்காதீர்கள். ஆண்டு முழுவதும் கைக்கு வந்த தொகையை, போனஸ் இல்லாமல் வந்திருக்கக்கூடிய தொகையோடு ஒப்பிடுங்கள்.

பல ஆண்டு நிலுவைச் சம்பளம் ஒரே ஆண்டில் மொத்தமாக வந்தால் மட்டும் விஷயம் வேறு. அந்தப் பணம் அந்தந்த ஆண்டில் வந்திருந்தால் கீழ்த்துண்டுகளில் விழுந்திருக்கும், இப்போது எல்லாம் ஒரே ஆண்டின் உச்சித் துண்டில் விழுகிறது. இதற்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 89ஆம் பிரிவில் நிவாரணம் உண்டு. கணக்கு தாக்கல் செய்வதற்கு முன்னால் இணையதளத்தில் Form 10E நிரப்ப வேண்டும். நிரப்பாமல் நிவாரணத்தை மட்டும் கணக்கில் காட்டினால் அதை ஏற்க மாட்டார்கள்.

உண்மையான பள்ளம்: 12 லட்சம்

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விதிவிலக்குக்கு வருவோம். "12 லட்சம் வரை வரி இல்லை" என்பது ஸ்லாபால் வருவதில்லை. ஸ்லாப்படி 12 லட்சத்துக்கு 60,000 ரூபாய் வரி உண்டு. 87A பிரிவின் கீழ் அந்த 60,000த்தையும் அரசு தள்ளுபடி செய்கிறது. வரிக்கு உட்பட்ட வருமானம் 12 லட்சத்தைத் தாண்டினால் இந்தத் தள்ளுபடி கிடையாது. அதாவது தள்ளுபடி பழைய ஸ்டெப் முறையைப் போல நடந்துகொள்கிறது.

அப்படியே விட்டிருந்தால் 12 லட்சத்தைப் பத்து ரூபாய் தாண்டியவர் 60,000 கட்ட வேண்டியிருக்கும். அதைத் தடுக்க மார்ஜினல் ரிலீஃப் வைத்திருக்கிறார்கள்: 12 லட்சத்தைத் தாண்டிய தொகை எவ்வளவோ, அதைவிட வரி அதிகமாகக் கூடாது.

சம்பளம் 12,75,000 வாங்குபவரைப் பாருங்கள். 75,000 கழித்தால் சரியாக 12 லட்சம், வரி பூஜ்யம். அவருக்கு 50,000 உயர்வு வருகிறது. ஸ்லாப்படி வரி 67,500. ஆனால் தாண்டியது 50,000 மட்டுமே என்பதால் வரி 50,000ல் நிற்கும். அதன் மேல் செஸ் 2,000. ஆக 50,000 உயர்வு வாங்கி 52,000 வரி கட்டுகிறார். கையில் 2,000 ரூபாய் குறைகிறது. இங்கே மட்டும் அந்தப் பழைய பயம் நியாயமானது.

இந்தப் பள்ளம் எவ்வளவு அகலம்? 12 லட்சத்துக்கு மேல் சுமார் 70,600 ரூபாய் வரை வரும் ஒவ்வொரு ரூபாயும் வரியாகவே போகிறது. செஸ்ஸையும் சேர்த்தால், சுமார் 74,000 தாண்டிய பிறகுதான் கையில் முன்பைவிட அதிகம் நிற்கத் தொடங்கும். அதாவது மொத்தச் சம்பளம் 12,75,000க்கும் ஏறக்குறைய 13,49,000க்கும் நடுவில். அதைத் தாண்டினால் எல்லாம் வழக்கம்போல் ஆகிவிடும். அதே ஊழியருக்கு 1,00,000 உயர்வு வந்தால் வரி செஸ்ஸோடு 78,000, கையில் 22,000 மிஞ்சும்.

உங்கள் உயர்வு இந்த இடைவெளிக்குள் விழுகிறது என்றால், அதை மறுப்பதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. உயர்வின் ஒரு பகுதியை என்.பி.எஸ் கணக்கில் நிறுவனத்தின் பங்களிப்பாகச் செலுத்தச் சொல்லிக் கேட்கலாம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் 80CCD(2) பிரிவின் கீழ் கழிக்கலாம். மேலே சொன்னவருக்கு அந்த 50,000மும் இப்படிப் போனால் வரிக்கு உட்பட்ட வருமானம் 12 லட்சத்திலேயே நிற்கும், வரி பூஜ்யம், 50,000 அவர் பெயரில் சேர்கிறது. பெரும்பகுதி ஓய்வுக்காலம் வரை கைக்கு வராது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். இன்னொன்று: இந்த ஆண்டு உயர்வு பள்ளத்தில் விழுந்தாலும் அடுத்த ஆண்டு உயர்வு அதன் மேல்தான் கட்டப்படும். ஓராண்டு 2,000 ரூபாய்க்காக அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இதே பள்ளம் 5 லட்சத்தில் இருக்கிறது, அங்கே மார்ஜினல் ரிலீஃப்பும் கிடையாது. 60 வயதுக்கு உட்பட்டவருக்கு வரிக்கு உட்பட்ட வருமானம் 5,00,000 என்றால் வரி பூஜ்யம். 5,00,010 என்றால் செஸ்ஸோடு சுமார் 13,000. எனவே அந்தக் கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள் மார்ச் மாதத்துக்குள் வைப்பு வட்டி, சேமிப்புக் கணக்கு வட்டி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

50 லட்சத்துக்கு மேல் சர்சார்ஜ் வருகிறது. 10 சதவீதத்தில் தொடங்குகிறது, அதுவும் மொத்த வரியின் மேல். அங்கேயும் மார்ஜினல் ரிலீஃப் உண்டு. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் விற்ற லாபம், லாட்டரிப் பரிசு போன்றவை பெரும்பாலும் தனி விகிதத்தில் போகின்றன, இந்தத் துண்டுகளுக்குள் வருவதில்லை. 12 லட்சத் தள்ளுபடியும் அந்த வரிக்குப் பொருந்தாது.

கடைசியாக, உங்கள் கணக்கைச் சரிபார்க்க

அலுவலகம் தரும் Form 16ஐ எடுத்து, அதன் Part Bயில் வரிக்கு உட்பட்ட மொத்த வருமானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணை மேலே கொடுத்த சூத்திரத்தில் போடுங்கள். அதற்குக் கீழே உள்ள வரியோடு அது ஒத்துப்போக வேண்டும். சில ரூபாய் வேறுபட்டால் அது பத்து ரூபாய்க்கு முழுமையாக்கியதால் வந்தது.

பெரிய வித்தியாசம் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அலுவலகம் உங்களுக்குப் பழைய முறையில் கணக்குப் போட்டிருக்கிறதா என்பது. அடுத்து, ஆண்டின் நடுவில் வேலை மாறியிருந்தால் முந்தைய நிறுவனத்தின் சம்பளம் இதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேராவிட்டால் இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாக 75,000 கழித்து, முதல் 4 லட்சத்தையும் தனித்தனியாக விட்டு, கீழ்த்துண்டுகளை இரண்டு முறை நிரப்பியிருக்கும். பிடித்த வரி குறைவாக இருக்கும். உங்கள் வருமானத்துக்குத் துண்டுகள் ஒரே ஒரு தொகுப்புதான், எனவே ஜூலையில் கணக்கு தாக்கல் செய்யும்போது மீதி வரியை வட்டியோடு கேட்கும். வேலை மாறியவுடனே பழைய சம்பள விவரத்தை Form 12Bயில் எழுதிப் புதிய அலுவலகத்திடம் கொடுத்துவிட்டால், அந்தத் தொகை மார்ச் வரை மாதாமாதம் பிரிந்து போய்விடும்.